செலவு டிடக்டிபிளுக்குள் அடங்கிவிட்டால்: போட்ட கார் கிளைமைத் திரும்பப் பெற்று போனஸைக் காப்பது

“எஸ்டிமேட் 8,100 ரூபாய். பாலிசியில் டிடக்டிபிள் 6,000. மீதி 2,100 எனக்கு வரும்தானே?”

வராது. உங்கள் பாலிசியில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் சேர்க்கவில்லை என்றால் ஒரு ரூபாய்கூட வராது. டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. அதைப் பில் தொகையிலிருந்து கழிப்பதில்லை. தேய்மானம் போக நிறுவனம் ஒப்புக்கொள்ளும் தொகையிலிருந்துதான் கழிப்பார்கள். பலர் ஏமாந்துபோவது இந்த வரிசையில்தான்.

உங்கள் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1,197 சிசி பெட்ரோல் கார், நான்காவது வருடம் ஓடுகிறது. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து, பின் பம்பரின் வலது மூலை கிழிந்திருக்கிறது. எஸ்டிமேட்டில் மூன்றே வரிகள்: வரி உட்பட புது பம்பர் 4,200, பெயின்ட் 3,000, லேபர் 900.

பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது என்னவாக இருந்தாலும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஆக 4,200க்கு 2,100தான் ஒப்புக்கொள்வார்கள். பெயின்ட் வேலையில் கூலிக்குக் கழிவு இல்லை, பெயின்ட் பொருளுக்கு மட்டும் பாதி கழியும். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் ஒரே தொகையாக இருந்தால், மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளின் விலை என்று வைத்துக்கொள்வார்கள். 3,000இல் 750 பொருள், அதில் பாதி 375 போகும், மிச்சம் 2,625. லேபர் 900 அப்படியே நிற்கும். கூட்டினால் 5,625.

இதிலிருந்துதான் 6,000 கழிய வேண்டும். கழிக்கவே தொகை போதவில்லை. பில் டிடக்டிபிளைத் தாண்டியது, ஒப்புக்கொள்ளும் தொகை தாண்டவில்லை. அதனால் நிறுவனம் தரவேண்டியது பூஜ்யம்.

“6,000 எங்கிருந்து வந்தது? எல்லாருக்கும் ஆயிரம் ரூபாய்தான் என்று சொன்னார்களே.”

ஆயிரம் என்பது கட்டாய டிடக்டிபிள். 1,500 சிசி வரையிலான சொந்தக் கார்களுக்கு 1,000, அதற்கு மேல் 2,000. இதை யாரும் தவிர்க்க முடியாது, ஜீரோ டெப் வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. உங்களுடையதில் மீதி 5,000 வாலன்டரி டிடக்டிபிள். பாலிசி எடுக்கும்போது பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும் என்று நீங்களோ ஏஜென்டோ தேர்ந்தெடுத்தது. ஆன்லைனில் அவசரமாகப் புதுப்பிக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். பாலிசியின் முதல் பக்க அட்டவணையில் இரண்டும் தனித்தனி வரியாக அச்சாகியிருக்கும். விபத்து நடந்த அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

“பணம்தான் வராதே, கிளைமை அப்படியே விட்டுவிட்டால் என்ன? ஏன் திரும்பப் பெற வேண்டும்?”

விட்டுவிட்டால் அந்தக் கோப்பு நிறுவனத்தின் கணினியில் திறந்தபடியே கிடக்கும். இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

கிளைம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளைம் போனஸ். அதன் விதி 2002இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற கட்டண விதித்தொகுப்பில் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்காகக் கட்டும் சொந்த சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று 2007 ஜனவரியிலிருந்து விட்டுவிட்டாலும், போனஸ் படிகள் இன்றும் அந்த டாரிஃபில் உள்ளபடிதான் நடக்கின்றன. ஒரு வருடம் கிளைம் இல்லை என்றால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. விதியின் வாசகம் முழு வருடத்தில் ‘கிளைம் செய்திருக்கவும் கூடாது, நிலுவையில் இருக்கவும் கூடாது’ என்கிறது. நிலுவை என்ற அந்த ஒரு சொல்தான் உங்களைப் பாதிக்கும். பணம் வாங்கவில்லை, பேப்பர் கொடுக்கவில்லை, ஃபோன்கூட எடுக்கவில்லை என்றாலும், திறந்திருக்கும் கோப்பு நிலுவைதான். புதுப்பிக்கும் நேரத்தில் கணினி அதைப் பார்த்து போனஸ் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடும்.

சில மாதம் ஆவணம் வராமல் போனால் நிறுவனங்களே கோப்பை மூடுவதும் உண்டு. ஆனால் எப்போது மூடுவார்கள், என்ன காரணம் எழுதுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்களாக எழுதிக் கேட்டு மூடினால் தேதியும் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கும்.

“போனஸ் போனால் எவ்வளவுதான் நஷ்டம்? ஒரு வருடம் கொஞ்சம் கூடக் கட்டினால் சரியாகிவிடாதா?”

ஒரு வருடத்தோடு முடிவதில்லை. ஐந்து வருடம் இழுக்கும். போனஸ் விழுந்தால் ஒரு படி இறங்குவதில்லை, அடித்தளத்துக்கே போய் மறுபடி ஏற வேண்டும்.

உங்கள் பாலிசியில் இப்போது 35 சதவீதம் இருக்கிறது. இந்த வருடம் சுத்தமாக முடிந்தால் அடுத்தது 45. போனஸ் கழிப்பதற்கு முந்தைய சொந்த சேதப் பிரீமியம் அடுத்த வருடம் 8,000 என்றும், வண்டி மதிப்பு இறங்க இறங்க வருடத்துக்கு 400 குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிளைம் இல்லாத வழியில் 45, பிறகு எப்போதும் 50. கிளைம் போட்ட வழியில் 0, 20, 25, 35, 45.

முதல் வருட வித்தியாசம் 3,600 ரூபாய். இரண்டாம் வருடம் 7,600இல் 30 சதவீதம், அதாவது 2,280. மூன்றாம் வருடம் 1,800, நான்காம் வருடம் 1,020, ஐந்தாம் வருடம் 320. மொத்தம் 9,020. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 10,600. இடையில் இன்னொரு கிளைம் வராது என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

இதை வைத்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். வாலன்டரி டிடக்டிபிளே இல்லாமல் 1,000 மட்டும் இருந்திருந்தால் உங்களுக்கு 4,625 கிடைத்திருக்கும். ஜீரோ டெப்போடு 6,000 டிடக்டிபிள் என்றால் நீங்கள் முதலில் நினைத்த அந்த 2,100 உண்மையிலேயே கிடைத்திருக்கும். இரண்டுமே 10,600க்கு முன்னால் நிற்காது. பூஜ்யம் வரும் கிளைமை மட்டுமல்ல, கையில் சில ஆயிரம் வரும் கிளைமையும் திரும்பப் பெறுவதே லாபமாக இருக்கலாம்.

எல்லாருக்கும் இதே முடிவு சொல்ல மாட்டேன். இப்போதுதான் வண்டி வாங்கி, போனஸ் 0இல் இருப்பவர் இதே பிரீமியத்தில் கிளைம் போட்டால் ஐந்து வருடத்தில் இழப்பது 3,700, ஜிஎஸ்டியோடு சுமார் 4,370தான். அவர் கிளைம் எடுப்பது நியாயமாக இருக்கலாம். மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் போனஸ் கழிவதே கிடையாது. ஆகவே மொத்தப் பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சொந்த சேத வரியை மட்டும் எடுங்கள்.

“நான் கிளைமே போடவில்லை. சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன், அவர்களே போட்டுவிட்டார்கள். இதுவும் கணக்கில் வருமா?”

வரும். வண்டியை இறக்கும்போது ‘இன்சூரன்ஸா, கேஷா’ என்று கேட்பார்கள். இன்சூரன்ஸ் என்று தலையாட்டினால் அங்கே உள்ள காப்பீட்டுப் பிரிவு ஆள் உங்கள் பாலிசி எண்ணைப் போட்டு கிளைம் பதிவு செய்துவிடுவார். உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியில் இருக்கும் கிளைம் எண்ணே அதற்குச் சாட்சி. அந்த எண் பிறந்த நிமிடத்திலிருந்து கோப்பு உயிரோடு இருக்கிறது.

யாருக்கும் அடிபடாத, உங்கள் வண்டி மட்டும் உரசிய சின்னச் சேதம் என்றால், அங்கே சொல்ல வேண்டியது இதுதான்: “முதலில் எஸ்டிமேட் கொடுங்கள், கிளைம் இன்னும் போட வேண்டாம்.” அன்றோ மறுநாளோ கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை, அதனால் வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு நாளுக்குள் மேலே போட்ட மாதிரி ஒரு கணக்கைத் தாராளமாகப் போட்டுவிடலாம்.

“சரி, எப்போது திரும்பப் பெறுவது? இன்றைக்கே மெயில் போட்டுவிடட்டுமா?”

பம்பரைக் கழற்றிப் பார்க்கும்வரை போடாதீர்கள்.

வெளியில் தெரியும் கிழிசலை வைத்து எழுதியது முதல் எஸ்டிமேட். பம்பருக்குப் பின்னால் ஒரு உலோகக் குறுக்குச் சட்டம், பம்பரைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு பிராக்கெட்டுகள், பார்க்கிங் சென்சார், அதன் வயரிங் எல்லாம் இருக்கும். தூணில் பட்டது மூலை என்பதால் பிராக்கெட் உடைந்திருக்கவும், சென்சாரின் பிடி நகர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முன்பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், ஹெட்லைட்டின் காதுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சர் இவற்றில் ஏதாவது சேதப்பட்டிருந்தால் செலவு பல மடங்காகிவிடும். கண்டன்சரில் மயிரிழை விரிசல் என்றால் அன்றைக்குத் தெரியாது, நாலு நாள் கழித்து ஏசி குளிராதபோதுதான் தெரியும்.

ஆகவே பம்பரை இறக்கச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, திருத்திய எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். அதன் பிறகும் டிடக்டிபிளுக்குள்தான் என்றால் அப்போது எழுதுங்கள். திரும்பப் பெற்ற கிளைமை மறுபடி திறப்பது நிறுவனத்தின் தயவைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்க முடியாது.

மறுபக்கம், ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. நிறுவனமே சர்வீஸ் சென்டருக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ்ஸில் வண்டியை எடுக்கப் போகும்போது வேலை திருப்தி என்று ஒரு வவுச்சரில் கையெழுத்து கேட்பார்கள். அதில் கையெழுத்திட்டால் பணம் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடும். பணம் போனபின் அது கொடுத்த கிளைம், திரும்பப் பெற அங்கே எதுவும் இல்லை.

“எழுதும்போது என்ன எழுத வேண்டும்? ஃபோனில் சொன்னால் போதாதா?”

ஃபோனில் சொல்லலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். பேசியவர் ‘நோட் பண்ணிட்டேன் சார்’ என்பார், கோப்பு மூடியிருக்காது. பாலிசியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்தின் கிளைம் பிரிவுக்கு எழுதுங்கள். சர்வேயருக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நகல் போடுங்கள். சர்வேயரிடம் மட்டும் சொல்வது போதாது. அவர் சேதத்தை மதிப்பிடுபவர், கோப்பை மூடும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது.

வாசகம் சிறியதாக இருக்கட்டும். இப்படி:

> பொருள்: கிளைம் எண் ____, வண்டி எண் ____, பாலிசி எண் ____: கிளைமைத் திரும்பப் பெறுதல்
>
> ____ தேதியில் என் காரின் பின் பம்பரில் ஏற்பட்ட சேதத்துக்காக மேற்படி கிளைம் பதிவானது. தேய்மானம் போக ஒப்புக்கொள்ளத்தக்க செலவு டிடக்டிபிளைவிடக் குறைவாக இருப்பதால், பழுதுபார்ப்புச் செலவை நானே ஏற்கிறேன். இந்தக் கிளைமில் எனக்கோ சர்வீஸ் சென்டருக்கோ எந்தத் தொகையும் வழங்க வேண்டாம். இந்த விபத்தில் வேறு யாருக்கும் காயமோ வேறு சொத்துக்குச் சேதமோ இல்லை.
>
> கிளைமைத் திரும்பப் பெற்றதாகவும், தொகை வழங்காமல் மூடியதாகவும் பதிவு செய்து, என் நோ கிளைம் போனஸ் பாதிக்கப்படவில்லை என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மூடிவிட்டோம் என்று மட்டும் பதில் வந்தால், போனஸ் பற்றிய உறுதியைக் கேட்டு அதே மெயிலுக்கு மறுபடி பதில் போடுங்கள். புதுப்பிக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரி.

விபத்தில் வேறு யாரும் சம்பந்தப்படவில்லை என்ற வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இருசக்கர வாகனக்காரர் விழுந்தார், அடுத்தவர் சுவர் இடிந்தது என்றால் கதையே வேறு. அவர்கள் நாளைக்கு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அப்படி நடக்கும்போது நீங்கள் விபத்தைத் தெரிவித்த பதிவு நிறுவனத்தில் இருக்க வேண்டும். உங்கள் பம்பருக்கான தொகையை வேண்டாம் என்று சொல்லலாம், விபத்துத் தகவலைத் திரும்பப் பெறாதீர்கள்.

“சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். இனிமேல் திரும்பப் பெற்றாலும் போனஸ் போய்விடும் என்கிறார் சர்வீஸ் சென்டர்காரர். நிஜமா?”

சர்வே நடந்தது மட்டுமே போனஸை எடுத்துவிடாது. தொகை எதுவும் வழங்காமல், வாடிக்கையாளர் திரும்பப் பெற்றார் என்று மூடிய கோப்பை போனஸுக்கு எதிராக எண்ணாததே நடைமுறை. சர்வேயர் கட்டணம் நிறுவனத்தின் செலவு, அதை உங்களிடம் கேட்கவும் கூடாது. ஆனாலும் ‘கிளைம் செய்திருக்கக் கூடாது’ என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு அலுவலர் வாதாட இடம் இருக்கிறது. எழுத்தில் உறுதி வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

சர்வீஸ் சென்டர்காரர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கும்: கழற்றிப் பூட்டிய கூலியை உங்களிடம் கேட்பார்கள். அது நியாயம், கொடுத்துவிடுங்கள். அங்கேயே வேலை செய்யச் சொல்வதானால் பில்லை இன்சூரன்ஸ் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். இன்சூரன்ஸ் எஸ்டிமேட்டில் பெரும்பாலும் புது பாகம்தான் எழுதுவார்கள். மூலைக் கிழிசலை பிளாஸ்டிக் வெல்டிங் செய்து பெயின்ட் அடித்தால் போதும் என்றால் 4,200 பம்பரே தேவைப்படாது. சொந்தக் காசு என்று வந்த பிறகு எஸ்டிமேட் இறங்கும், கேட்டால்தான் இறங்கும்.

“மூடிவிட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ கிளைம் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ‘வித்ட்ரான்’ அல்லது ‘குளோஸ்டு வித்தவுட் பேமென்ட்’ என்ற பொருளில் இருந்தால் சரி. ‘ரிப்பூடியேட்டட்’ என்று இருந்தால் விடாதீர்கள். அது நிறுவனம் உங்கள் கிளைமை நிராகரித்தது என்று அர்த்தம். நீங்கள் வேண்டாம் என்றதும் அவர்கள் தர மறுத்ததும் ஒன்றல்ல, திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

உண்மையான சோதனை புதுப்பிப்பு நோட்டீஸ். பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அதைத் திறந்து போனஸ் கட்டத்தைப் பாருங்கள். உங்களுக்கு 45 இருக்க வேண்டும். 35 என்றே நின்றாலும் தவறுதான்.

“புதுப்பிப்பு நோட்டீஸில் 0 என்று வந்திருக்கிறது. முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?”

மூடியதை உறுதி செய்த மெயிலை இணைத்து கிளைம் பிரிவுக்கும் புதுப்பிப்புப் பிரிவுக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள். பெரும்பாலும் கணினியில் நிலை மாறாமல் கிடந்ததுதான் காரணமாக இருக்கும், கிளையில் நேரில் போய் உட்கார்ந்தால் சீக்கிரம் தீரும்.

தீரவில்லை என்றால் அதற்காகப் பாலிசியை முடியவிட்டுவிடாதீர்கள். காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவரை சேர்த்த போனஸ் மொத்தமும் போய்விடும். எந்தப் பணத்துக்காகச் சண்டை போடுகிறீர்களோ அதையே இழப்பீர்கள். கேட்ட தொகையைக் கட்டிப் புதுப்பியுங்கள். ‘போனஸ் குறித்த என் கோரிக்கை நிலுவையில் உள்ளது, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று அன்றே ஒரு மெயில் போட்டுவிட்டு, பாலிசியைத் திருத்தி வித்தியாசத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள்.

அடுத்த படி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. அங்கும் நகரவில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் பேசலாம். நிறுவனத்துக்கு எழுதிப் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாடு, புதுச்சேரி நகரம், காரைக்கால் மூன்றுக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அங்கே நீங்கள் காட்ட வேண்டிய முக்கியமான காகிதம் அந்தத் திரும்பப் பெறும் மெயிலும் அதற்கு வந்த பதிலும்தான்.

“வேறு கம்பெனிக்கு மாறிவிட்டால்? திரும்பப் பெற்ற கிளைமைச் சொல்ல வேண்டுமா?”

கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: கிளைம் பதிவானது, தொகை பெறாமல் திரும்பப் பெற்றேன், இதோ கடிதம். இதனால் போனஸ் குறையாது. மறைத்தால்தான் சிக்கல்.

புது நிறுவனம் உங்கள் வாய்மொழியை நம்பி போனஸ் கொடுப்பதில்லை. பழைய நிறுவனத்தின் புதுப்பிப்பு நோட்டீஸோ கடிதமோ இல்லாதபோது, போனஸ் விகிதம் சரி, முடிகிற பாலிசிக் காலத்தில் கிளைம் எதுவும் எழவில்லை, இது தவறு என்று தெரியவந்தால் சொந்த சேதப் பிரிவின் பலன்கள் அனைத்தையும் இழக்கச் சம்மதம் என்று உங்களிடம் உறுதிமொழி வாங்குவார்கள். பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும், பழையவர்கள் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதும் டாரிஃபில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் உங்கள் பழைய கோப்பு திறந்திருந்தால் அவர்கள் ‘கிளைம் நிலுவையில்’ என்று பதில் எழுதிவிடுவார்கள். நாளைக்கு வண்டி வெள்ளத்தில் மூழ்கி லட்சக்கணக்கில் கிளைம் வரும்போது இந்தப் பதிலைத்தான் தூக்கி வைப்பார்கள். அதனால் மாறுவதற்கு முன்பே பழைய நிறுவனத்திடம் போனஸ் உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டு மாறுங்கள்.

“பம்பரை இப்போது சரி செய்யாமல் அப்படியே ஓட்டினால் என்ன? அடுத்த தடவை பெரிசாக இடித்தால் சேர்த்து வாங்கிக்கொள்ளலாமே.”

கிடைக்காது. சர்வேயர் எடுத்த படங்கள் நிறுவனத்தில் இருக்கின்றன. அடுத்த விபத்தில் அதே மூலை அடிபட்டால் அது பழைய சேதம் என்று கழிப்பார்கள். முழு பம்பரும் போனாலும், ஏற்கனவே உடைந்திருந்த பாகம் என்று தட்டிவிட இடம் கொடுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். சரி செய்து, தேதியோடு பில்லையும், வேலை முடிந்த பின் எடுத்த இரண்டு படங்களையும் திரும்பப் பெற்ற கடிதத்தோடு ஒரே இடத்தில் வையுங்கள்.

இரண்டு விபத்துகளை ஒரே கிளைமில் எழுதுவதும் அப்படித்தான். பின் பம்பர் ஒரு நாள், இடது கதவு இன்னொரு நாள் என்றால் அவை இரண்டு சம்பவங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிடக்டிபிள் கழியும். ‘ஒரே இடியில் ரெண்டும் ஆச்சுன்னு எழுதிடலாம் சார்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீறலின் உயரமும் திசையும், ஒட்டியிருக்கும் பெயின்ட் நிறமும் பார்த்தே அனுபவமுள்ள சர்வேயர் பிரித்துவிடுவார். அதன்பின் கிளைமை நிறுவனம் நிராகரிக்கும், நீங்களாகத் திரும்பப் பெறும் வாய்ப்பும் போய்விடும்.

“நான் நோ கிளைம் போனஸைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் எடுத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கு வேண்டாம்தானே?”

அதில் வருடத்துக்கு எத்தனை கிளைம் வரை போனஸைக் காக்கும் என்று வரம்பு போட்டிருப்பார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். பூஜ்யம் வரும் கிளைமுக்காக அந்த வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். அதையும் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

“பைக்குக்கும் இதே கணக்கா?”

விதி ஒன்றுதான், தொகை வேறு. இருசக்கர வாகனத்துக்குக் கட்டாய டிடக்டிபிள் 100 ரூபாய். அதனால் செலவு டிடக்டிபிளுக்குள் அடங்குவது அபூர்வம். ஆனால் இண்டிகேட்டர், மட்கார்டு, கண்ணாடிக் கூடு என்று பைக்கில் உடைவதெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக், பாதி தேய்மானத்தில் போய்விடும். 1,200 ரூபாய் பில்லில் கைக்கு வருவது சில நூறுதான். பைக்கின் சொந்த சேதப் பிரீமியமும் சிறியது என்பதால் போனஸ் இழப்பும் சிறியது. உங்கள் பாலிசியில் அந்த ஒரு வரியை எடுத்து, கார் கணக்கில் 8,000 இருந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் கூடுதல் என்று தெரிந்துவிடும்.